சிறுநீர்ப்பெருக்கியின் வலிமை எங்கிருந்து வருகிறது? வடிகட்டியிலிருந்து நுண்குழல் வரை நீளும் ஒரு பழைய கேள்வி

ஒரு சிறுநீர்ப்பெருக்கி மருந்து உடலிலிருந்து எவ்வளவு உப்பை வெளியேற்றும் என்பதை எது தீர்மானிக்கிறது? மருத்துவ மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அட்டவணையில் இதற்கு எளிதான விடை இருக்கிறது: மருந்து நெஃப்ரானின் எந்த இடத்தில் செயற்படுகிறதோ அந்த இடம். ஆனால் அதே அட்டவணையை இரண்டாவது முறை பார்த்தால் ஒரு முரண் கண்ணில் படும். வடிகட்டப்பட்ட சோடியத்தில் ஏறத்தாழ 65 சதவீதத்தை அண்மைச் சுருண்ட நுண்குழல் மீள உறிஞ்சுகிறது. அங்கே செயற்படும் அசிட்டசோலமைடோ வலுக்குறைந்த மருந்து. ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதி உறிஞ்சுவது 25 சதவீதம்தான். ஆனால் அங்கே செயற்படும் ஃபுரோசமைடு எல்லாவற்றிலும் வலியது. அதிகம் உறிஞ்சும் இடத்தைத் தடுத்தால் அதிகம் வெளியேற வேண்டும் என்ற கணக்கு இங்கே பொருந்தவில்லை.

இந்தக் கேள்விக்கு மூன்று விதமான விடைகள் வெவ்வேறு காலங்களில் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. முதலாவது, வடிகட்டலைக் கூட்டுவதே சிறுநீர்ப்பெருக்கம் என்பது. இரண்டாவது, குழலின் குறிப்பிட்ட ஓரிடத்தைத் தடுப்பதே அது என்பது. மூன்றாவது, தடுக்கப்பட்ட இடத்தைவிட அதற்குப் பின்னும் முன்னும் உள்ள குழல் என்ன செய்கிறது என்பதே முக்கியம் என்பது. இவற்றில் எதுவும் முழுக்கப் பொய்த்துவிடவில்லை. ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடிகட்டலா, சுரத்தலா?

1842-இல் லண்டனில் வில்லியம் பௌமன், குளோமருலஸ் என்னும் நுண்குழாய் முடிச்சைச் சூழ்ந்த கிண்ணம் நுண்குழலாகவே தொடர்கிறது என்று காட்டினார். முடிச்சு தண்ணீரை மட்டும் விடுகிறது, கழிவுப்பொருள்களைக் குழலின் செல்கள் சுரக்கின்றன, தண்ணீர் அவற்றைக் கழுவிக்கொண்டு போகிறது என்பது அவர் கருத்து. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லுட்விக் நேரெதிரான விளக்கம் தந்தார். இரத்த அழுத்தத்தால் புரதம் தவிர ஏனைய எல்லாமே முடிச்சில் வடிகட்டப்படுகின்றன, பிறகு குழலில் பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்படுகிறது என்றார்.

லுட்விக்கின் கருத்தை ருடால்ஃப் ஹைடன்ஹைன் இரண்டு வழிகளில் தாக்கினார். விலங்குகளின் இரத்தத்தில் இண்டிகோ கார்மைன் சாயத்தைச் செலுத்தியபோது அது குழல் செல்களில் தெரிந்தது, கிண்ணத்தில் தெரியவில்லை. அடுத்தது ஒரு கணக்கு. ஒரு நாளில் வெளியேறும் யூரியா முழுவதும் வடிகட்டலால் வருவதென்றால், இரத்தத்தில் யூரியா இருக்கும் அளவைக் கொண்டு பார்க்கும்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 லிட்டர் வடிய வேண்டும். இவ்வளவு நீரை வடித்து, அதில் ஒன்றிரண்டு லிட்டர் தவிர மீதியைத் திரும்ப எடுப்பது நடக்கக்கூடியதல்ல என்று அவருக்குத் தோன்றியது. கணக்கு சரியானது, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறியது. உண்மையில் வடிவது 70 அல்ல, 180 லிட்டர்.

இந்த வழக்கை முடித்துவைத்தது ஒரு தவளையின் சிறுநீரகம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வேர்னும் ஆல்ஃபிரட் ரிச்சர்ட்ஸும் நுண்ணோக்கியின் கீழ் மிக மெல்லிய கண்ணாடிக் குழாயால் ஒற்றைக் கிண்ணத்தைத் துளைத்து, அதிலிருந்த துளி நீரை எடுத்து 1924-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தத் துளியில் புரதம் இல்லை. குளுக்கோஸும் குளோரைடும் இருந்தன. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இருந்த நீரில் அவை இல்லாமல் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. அதாவது குளுக்கோஸ் வடிகட்டப்பட்டு, வழியில் திரும்ப எடுக்கப்பட்டிருக்கிறது. லுட்விக் வென்றார் என்று பாடநூல்கள் இங்கே நிறுத்திவிடுகின்றன.

ஆனால் ஹைடன்ஹைனின் சாயம் பொய் சொல்லவில்லை. 1923-இல் எலி மார்ஷலும் விக்கர்ஸும் நாய்களில் ஃபீனால் சிவப்புச் சாயத்தை ஆராய்ந்தனர். அந்தச் சாயத்தின் பெரும்பகுதி இரத்தப் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் வடிய முடியாது. ஆயினும் வடிகட்டலால் விளக்க முடியாத வேகத்தில் அது சிறுநீரில் வந்தது. பிறகு மார்ஷல் குளோமருலஸே இல்லாத சில கடல்மீன்களை எடுத்துக்கொண்டார். வடிகட்டி இல்லாத அந்தச் சிறுநீரகமும் சிறுநீரை உண்டாக்கியது. ஆகவே வடிகட்டல், மீள உறிஞ்சல், சுரத்தல் ஆகிய மூன்றும் உண்டு. இதில் சுரத்தலைப் பழங்கதையாக ஒதுக்கிவிடக் கூடாது. ஃபுரோசமைடின் கதையில் அதுவே திருப்புமுனை என்பதைப் பின்னர் பார்ப்போம்.

வடிகட்டலைக் கூட்டினால் போதாதா?

ஆரோக்கியமான ஓர் இளைஞரின் வடிகட்டல் வீதம் நிமிடத்துக்கு சுமார் 125 மில்லிலிட்டர். நாளுக்கு 180 லிட்டர். இரத்தநீரில் சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல். இரண்டையும் பெருக்கினால் ஒரு நாளில் வடியும் சோடியம் 25,200 மில்லிமோல். சமையல் உப்பாகச் சொன்னால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. சிறுநீரில் வெளியேறுவதோ 100 முதல் 150 மில்லிமோல், அதாவது 6 முதல் 9 கிராம் உப்பு. வடிந்ததில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிடுகிறது.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் வடிகட்டலைச் சற்றே கூட்டும் ஒரு மருந்து அற்புதமாக வேலை செய்யும் என்று தோன்றும். 5 சதவீதம் கூடினால் 9 லிட்டர் அதிகம் வடியும். காஃபீன், தியோஃபிலின் போன்றவை சிறுநீரை ஓரளவு கூட்டுவதற்குச் சிறுநீரக இரத்த ஓட்டம் கூடுவதே காரணம் என்று நம்பியவர்கள் பலர். அந்த நம்பிக்கை எதிர்பார்த்த அளவு பலிக்கவில்லை. காரணம் இரண்டு.

முதலாவது, அண்மை நுண்குழல் குறிப்பிட்ட அளவை உறிஞ்சுவதில்லை. தன்னிடம் வருவதில் குறிப்பிட்ட பங்கை உறிஞ்சுகிறது. வடிவது கூடினால் உறிஞ்சலும் கூடுகிறது. குளோமருலஸில் புரதமற்ற நீர் அதிகம் வடிந்துவிட்டால், அங்கிருந்து குழலைச் சுற்றி ஓடும் இரத்தத்தில் புரதச் செறிவு ஏறி, நீரை இழுக்கும் வலு கூடுகிறது என்பது அதற்கான ஒரு விளக்கம்.

இரண்டாவது, வடிகட்டிக்குத் திரும்பச் செய்தி சொல்லும் ஓர் அமைப்பு உண்டு. ஹென்லே வளைவு முடியும் இடத்தில் குழல் தன் சொந்த குளோமருலஸைத் தொட்டுச் செல்கிறது. அங்குள்ள மக்குலா டென்சா செல்கள் கடந்து போகும் உப்பை உணர்கின்றன. உப்பு அதிகம் வந்தால் உள்வரும் நுண்தமனி சுருங்கி வடிகட்டல் குறைகிறது.

ஆகவே வடிகட்டலைக் கூட்டுவது சிறுநீர்ப்பெருக்கத்துக்கு நம்பகமான வழி அல்ல. எனினும் இந்தப் பழைய நிலைப்பாட்டில் ஒரு பகுதி இன்றும் செல்லும். வடிகட்டல் மிகவும் குறைந்துவிட்டால், எந்த இடத்தில் எந்த மருந்து செயற்பட்டாலும் அங்கே வந்து சேரும் சோடியமே குறைவு. வடிகட்டல் பத்தில் ஒரு பங்காகிவிட்ட ஒருவரிடம், வடிந்ததில் 20 சதவீதத்தை வெளியேற்றும் மருந்துகூட முன்பு தந்ததில் பத்தில் ஒரு பங்கைத்தான் தர முடியும். வடிகட்டல் வலிமையைத் தருவதில்லை. அதற்கு ஒரு கூரையை இடுகிறது.

இடத்தைத் தேடிய காலம்

1919-இல் வியன்னாவில் ஆல்ஃபிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர், மேகநோய்க்காகப் பாதரச ஊசி போட்ட நோயாளிக்கு அன்று சிறுநீர் வெள்ளமாக வந்ததைச் செவிலியரின் அளவுப் பதிவேட்டில் கண்டார். நம்பத்தக்க முதல் வலிய சிறுநீர்ப்பெருக்கி இப்படித்தான் வந்தது. அது எங்கே செயற்படுகிறது என்பது நெடுங்காலம் தெரியாமலே மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள்.

அடுத்த தடயமும் பக்கவிளைவிலிருந்தே வந்தது. 1930-களில் சல்ஃபனிலமைடு உட்கொண்டவர்களுக்கு இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறியது. அம்மருந்து கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதியைத் தடுத்ததே காரணம். அண்மை நுண்குழல் பைகார்பனேட்டையும் அதனோடு சோடியத்தையும் மீட்பதற்கு அந்த நொதி வேண்டும். இதைப் பின்பற்றி அசிட்டசோலமைடு உருவானது. இதைவிட வலிய நொதித் தடுப்பியைத் தேடிய மெர்க் நிறுவனத்தின் கார்ல் பையரும் தோழர்களும் 1950-களின் பிற்பகுதியில் குளோரோதயசைடைக் கண்டார்கள். அது எதிர்பாராத விதமாகப் பைகார்பனேட்டைவிட குளோரைடையே பெரிதும் வெளியேற்றியது. அதன் இடம் வேறு, சேய்மைச் சுருண்ட நுண்குழல், என்பது பின்னால்தான் தெளிவாயிற்று.

இட ஆய்வின் உச்சம் 1973-இல் மாரிஸ் பர்க் குழுவினர் செய்த சோதனை. முயலின் சிறுநீரகத்திலிருந்து ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியை ஒற்றைக் குழலாகப் பிரித்தெடுத்து, இரு முனைகளிலும் கண்ணாடிக் குழாய் பொருத்தி, உள்ளே நீரைச் செலுத்தினார்கள். ஃபுரோசமைடை உள்ளே ஓடும் நீரில் கலந்தபோது உப்பு உறிஞ்சல் நின்றது. வெளியே குழலைச் சூழ்ந்த நீரில் கலந்தபோது விளைவு மிகக் குறைவு. மருந்தின் இலக்கு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதோடு, குழலின் உள்முகத்தில் இருக்கிறது என்பதையும் இது காட்டியது. ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு ஆகியவற்றைச் சேர்த்து உள்ளே இழுக்கும் கடத்துபுரதமே அந்த இலக்கு என்று பின்னர் நிறுவப்பட்டது. தயசைடின் இலக்கான சோடியம்–குளோரைடு கடத்தியின் மரபணு 1993-இல் ஒரு தட்டைமீனின் சிறுநீர்ப்பையிலிருந்து பிரிக்கப்பட்டது. சேகரிப்பு நாளத்தில் அமிலோரைடு அடைப்பது சோடியம் வாயிலை. ஸ்பைரனோலாக்டோன் தடுப்பது அந்த வாயிலைத் திறக்கத் தூண்டும் ஆல்டோஸ்டிரோனை.

இந்த வரைபடம் பக்கவிளைவுகளை விளக்குவதில் அநேகமாகப் பிழைப்பதில்லை. தடித்த ஏறுபகுதிதான் சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்பைக் குவித்து, நீரைச் செறிவாக்க வழிசெய்கிறது. ஃபுரோசமைடு அதைக் குலைப்பதால் செறிவும் குலைகிறது. தயசைடு செயற்படும் இடம் புறப்பகுதியில் இருப்பதால் உட்பகுதியின் செறிவு அப்படியே நிற்கிறது. நீர்த்த சிறுநீரை உண்டாக்கும் திறன் மட்டும் போகிறது. முதியவர்களுக்குத் தயசைடு தொடங்கிய சில நாள்களில் இரத்தச் சோடியம் ஆபத்தான அளவு இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கால்சியத்தை ஃபுரோசமைடு வெளியேற்றுவதும் தயசைடு தங்கவைப்பதும்கூட இடத்தாலேயே விளங்கும். இடம் என்பது வலிமையைவிடப் பக்கவிளைவையே தெளிவாக முன்னறிவிக்கிறது என்பது என் கணிப்பு.

அசிட்டசோலமைடின் முரண்

இனி முதலில் கேட்ட கேள்வி. அண்மை நுண்குழலில் தடுக்கப்பட்ட சோடியம் நேரே சிறுநீருக்குப் போவதில்லை. அது ஹென்லே வளைவுக்கு வருகிறது. அந்த வளைவோ வருவது கூடினால் உறிஞ்சலையும் கூட்டும் திறன் மிக்கது. அதைக் கடந்து தப்பிய உப்பை மக்குலா டென்சா உணர்ந்து வடிகட்டலைக் குறைக்கிறது. சில நாள்களில் பைகார்பனேட் இழப்பால் இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. அப்போது வடியும் பைகார்பனேட்டே குறைந்துவிட, மருந்துக்கு வேலை இல்லாமல் போகிறது. இறுதியில் வடிந்த சோடியத்தில் ஒருசில சதவீதமே வெளியேறுகிறது.

ஃபுரோசமைடுக்கு இந்தத் தடைகள் குறைவு. அது செயற்படும் இடத்துக்குப் பின்னே இருப்பவை சேய்மை நுண்குழலும் சேகரிப்பு நாளமும்தான். இரண்டும் சேர்ந்து வழக்கமாக உறிஞ்சுவது 10 சதவீதத்துக்குள். திடீரென்று வரும் 25 சதவீதத்தை அவற்றால் தாங்க முடிவதில்லை. மேலும் மக்குலா டென்சா உப்பை உணர்வதும் அதே கடத்துபுரதத்தின் வழியாகத்தான். ஃபுரோசமைடு அதையும் அடைப்பதால் வடிகட்டலைக் குறைக்கும் செய்தி போய்ச் சேர்வதில்லை. ஆகவே உச்ச விளைவில் வடிந்த சோடியத்தில் 20 சதவீதம் வரை வெளியேறக்கூடும். தயசைடில் இது பெரும்பாலும் 5 முதல் 8 சதவீதம். அமிலோரைடில் 2, 3 சதவீதம்.

ஒரு மருந்தின் வலிமை, அது தடுக்கும் இடம் உறிஞ்சும் அளவையும் அதற்குப் பின்னுள்ள குழல் ஈடுசெய்யும் அளவையும் சேர்த்தே அமைகிறது என்றால் முரண் பெரும்பாலும் தீர்கிறது. இதன் பலவீனம், ஈடுசெய்யும் திறன் நிலையானதல்ல என்பதே. நோயும் மருந்தும் காலமும் அதை மாற்றுகின்றன.

மருந்து இடத்தை அடைகிறதா?

ஃபுரோசமைடின் 95 சதவீதத்துக்கு மேல் இரத்தத்தில் ஆல்புமினோடு ஒட்டியிருக்கிறது. எனவே குளோமருலஸில் அது ஏறக்குறைய வடிவதே இல்லை. பர்க்கின் சோதனைப்படி அது குழலின் உட்புறத்திலிருந்துதான் செயற்படும். உள்ளே அதைக் கொண்டுசேர்ப்பது அண்மை நுண்குழலின் கரிம அமிலச் சுரப்பு, மார்ஷல் சாயத்தில் கண்ட அதே வழி. சிறுநீரகச் செயலிழப்பில் தேங்கும் கழிவு அமிலங்களும் சில வலிநிவாரணிகளும் இதே வாயிலுக்குப் போட்டியிடுகின்றன. இரத்தத்தில் மருந்து போதிய அளவு இருந்தும் குழலுக்குள் போதாமல் போவது இதனால்தான்.

இதை ஒரு மாதிரி நோயாளியை வைத்துப் பார்க்கலாம். இதயச் செயலிழப்பும் பாதி குறைந்த வடிகட்டலும் உள்ளவர். காலையில் 40 மில்லிகிராம் ஃபுரோசமைடு மாத்திரை எடுக்கிறார். கால் வீக்கம் வடியவில்லை, எடை இறங்கவில்லை. இதற்கு இரண்டு வேறுபட்ட காரணங்கள் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

மருந்து கொடுத்து இரண்டு மணி நேரத்தில் எடுத்த சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 30 மில்லிமோல் என்று வந்தால், மருந்து குழலுக்குள் போதிய அளவு சேரவில்லை என்று கொள்ளலாம். பொதுவாக 50 முதல் 70-க்குக் கீழே இருப்பது போதாத விளைவாக எண்ணப்படுகிறது. இம்மருந்தின் விளைவு ஒரு வாசலைத் தாண்டும்வரை மிகச் சிறிது, தாண்டியதும் செங்குத்தாக ஏறும், பிறகு சமனாகிவிடும். ஆகவே வாசலைத் தொடாத 40 மில்லிகிராமை நான்கு முறை கொடுப்பதைவிட ஒரே வேளையில் 80 கொடுப்பது பொருள் உள்ளது. வாயால் எடுத்தால் உறிஞ்சப்படும் அளவு சராசரியாகப் பாதிதான், ஆளுக்கு ஆள் அது வெகுவாக மாறும் என்பதால் ஊசிக்கு மாறுவதும் ஒரு வழி.

இரண்டு மணி நேரச் சோடியம் 100-க்கு மேல் வந்தும் எடை இறங்கவில்லை என்றால் கதை வேறு. ஆறு மணி நேரத்தில் 2 லிட்டர் சிறுநீர், லிட்டருக்கு 100 மில்லிமோல் என்று வைத்துக்கொள்வோம். 200 மில்லிமோல் சோடியம் போய்விட்டது. மருந்தின் விளைவு தீர்ந்த மீதி நேரத்தில் சிறுநீரகம் உப்பை இறுகப் பிடித்துக்கொள்கிறது. சிறுநீரில் 10 மில்லிமோல்கூடப் போவது அரிது. அந்த நாளில் அவர் உண்ட உப்பு சுமார் 12 கிராம் என்றால் அதுவும் 200 மில்லிமோல்தான். மருந்து முழுமையாக வேலை செய்திருக்கிறது. உடலின் கணக்கில் மிச்சம் ஒன்றுமில்லை. 1983-இல் வில்காக்ஸ் குழுவினர் ஆரோக்கியமானவர்களிடம் இதையே கண்டார்கள். உப்பு அதிகமுள்ள உணவில் இருந்தவர்களிடம் மருந்து நேரத்து இழப்பை எஞ்சிய 18 மணி நேரத்துச் சேமிப்பு ஈடுகட்டிவிட்டது. உப்பை வெகுவாகக் குறைத்தவர்களிடமே இழப்பு நிலைத்தது.

இன்னும் தீராதவை

நாள்கணக்கில் ஃபுரோசமைடு செலுத்திய எலிகளில் சேய்மை நுண்குழலின் செல்கள் பருத்து, உப்புக் கடத்தும் திறன் கூடியதை பிரிஜிட் கைஸ்லிங்கும் பிறரும் 1980-களில் காட்டினார்கள். ஃபுரோசமைடோடு தயசைடைச் சேர்ப்பதற்கான வலுவான நியாயம் இதுவே. இதயச் செயலிழப்பு நோயாளிகளில் லித்தியம் வெளியேற்றத்தைக் குறியீடாகக் கொண்ட ஆய்வுகளும், எதிர்ப்பின் பெரும்பங்கு சேய்மைப் பகுதியில்தான் என்று சுட்டுகின்றன. ஆனால் லித்தியம் அண்மை நுண்குழலில் மட்டுமே உறிஞ்சப்படுகிறது என்ற அனுமானம் முழுவதும் சரியல்ல. மனிதக் குழல் எலியின் குழல்போலவே பருக்கிறதா என்பதற்கு நேரடிச் சான்று மெல்லியது.

இதற்கு எதிர்த்திசையிலிருந்து ஒரு சான்று 2022-இல் வந்தது. பெல்ஜியத்தில் 519 நோயாளிகளிடம் நடந்த ஆட்வோர் ஆய்வில், வலுவற்றதாகக் கருதப்பட்ட அசிட்டசோலமைடை ஃபுரோசமைடு வகை மருந்தோடு சேர்த்தபோது நீர்க்கோப்பு வெற்றிகரமாக நீங்கியவர்கள் சுமார் 42 சதவீதம். சேர்க்காதவர்களில் 30 சதவீதத்தை ஒட்டி. தனியே தோற்ற மருந்து இணையாக வென்றதை உடலியங்கியல் எளிதாக விளக்குகிறது: அண்மைப் பகுதியில் தப்பும் உப்பைப் பிடிக்கும் ஹென்லே வளைவு ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. ஆனால் இறப்பிலும் மறு அனுமதியிலும் அந்த ஆய்வு வேறுபாடு காட்டவில்லை. எந்த நோயாளிக்கு அண்மைப் பகுதியை, யாருக்குச் சேய்மைப் பகுதியை அடைக்க வேண்டும் என்று படுக்கையருகே சொல்லும் சோதனை இன்னும் இல்லை. இரண்டு மணி நேரச் சோடியம் மருந்து வேலை செய்ததா என்று சொல்கிறது. எந்தப் பகுதி அதை எதிர்க்கிறது என்று சொல்வதில்லை.

வடிகட்டல் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் தயசைடு பயனற்றது என்ற நெடுநாள் விதியும் அசைந்திருக்கிறது. 2021-இல் வெளியான கிளிக் ஆய்வில், நான்காம் நிலைச் சிறுநீரக நோயாளிகளிடம் குளோர்தலிடோன் இரத்த அழுத்தத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. உப்பை வெளியேற்றியதாலா, இரத்தக் குழாய்களின் இறுக்கத்தைத் தளர்த்தியதாலா என்பது அங்கே தெளிவாகப் பிரியவில்லை. தயசைடின் நீண்டகால அழுத்தக்குறைப்பு முழுவதும் சிறுநீரகத்திலிருந்தே வருகிறதா என்பது 1950-களிலிருந்தே தொடரும் கேள்வி. இடத்தை அறிந்து, அங்குள்ள புரதத்தின் மரபணுவை அறிந்து, வடிவத்தையும் அறிந்த பிறகும் அதற்கு உறுதியான விடை கிடைக்கவில்லை.